அலுவலகக் குழு ஆயுள் காப்பீடு: சுற்றறிக்கை சொல்ல வேண்டியதும் நாமினி படிவத்தில் எழுத வேண்டியதும்

ஒரு நிறுவனம் தன் ஊழியர்கள் அனைவரின் பெயரிலும் ஒரே பாலிசியாக எடுக்கும் காப்பீடே குழு ஆயுள் காப்பீடு. இந்தியாவில் பெரும்பாலான நிறுவனங்கள் இதை ஓராண்டுப் பாலிசியாக எடுத்து, ஆண்டுதோறும் புதுப்பிக்கின்றன. அந்த ஓராண்டுக்குள் ஊழியர் இறந்தால் குடும்பத்துக்குக் காப்பீட்டுத் தொகை கிடைக்கும். இறப்பு நேராமல் ஆண்டு முடிந்தால் யாருக்கும் எதுவும் திரும்பி வராது. இதில் சேமிப்பு இல்லை, முதிர்வுத் தொகை இல்லை, போனஸ் இல்லை. அதனாலேயே பிரீமியம் குறைவாக இருக்கிறது. பெரும்பாலும் அதையும் நிறுவனமே கட்டிவிடுகிறது.

பாலிசி நிறுவனத்தின் பெயரில் இருக்கும். அதற்கு மாஸ்டர் பாலிசி என்று பெயர். ஊழியர் அதில் ஓர் உறுப்பினர். அவர் பெயர், காப்பீட்டுத் தொகை, நாமினி ஆகிய விவரங்கள் அடங்கிய காப்பீட்டுச் சான்றிதழ் அவருக்குத் தனியே தரப்படும். எவ்வளவு தொகை, எந்த நிறுவனத்திடம் பாலிசி, எந்தத் தேதியில் தொடக்கம் என்பதையெல்லாம் நிர்வாகம் முடிவு செய்கிறது. ஊழியர் கையில் இருப்பது ஒன்றுதான்: அந்தப் பணம் யார் கைக்குப் போக வேண்டும் என்று எழுதித் தருவது. அதனால், திட்டத்தை அறிவிக்கும் சுற்றறிக்கையில் நாமினி படிவத்துக்கும் அதன் கடைசித் தேதிக்கும் தனி இடம் உண்டு.

எல்லோரும் ஏன் சேர வேண்டும்

விருப்பப்பட்டவர்கள் மட்டும் சேரலாம் என்று விட்டால், உடல்நலக் குறைவு உள்ளவர்களும் வயதில் மூத்தவர்களும் முதலில் சேர்வார்கள். இளம் வயதினர் பலர் தள்ளிப்போடுவார்கள். அப்படிச் சேரும் குழுவில் இறப்பு அபாயம் சராசரியைவிடக் கூடுதலாக இருக்கும் என்று காப்பீட்டு நிறுவனம் கருதும். அதனால் ஒவ்வொருவரிடமும் மருத்துவப் பரிசோதனை கேட்கும், பிரீமியத்தையும் ஏற்றும். மொத்த ஊழியர்களும் ஒரே நாளில் ஒரே விதியின் கீழ் சேரும்போது இந்தக் கவலை போய்விடுகிறது. இளையவரும் மூத்தவரும், நலமாக இருப்பவரும் சர்க்கரை நோயாளியும் கலந்த குழுவின் அபாயத்தை வயதையும் எண்ணிக்கையையும் வைத்தே கணித்துவிடலாம்.

இதனால் ஊழியருக்குக் கிடைக்கும் நேரடிப் பயன், ஒரு குறிப்பிட்ட தொகை வரை மருத்துவக் கேள்வியே இல்லாமல் காப்பீடு கிடைப்பது. காப்பீட்டுத் துறையில் இதை ஃப்ரீ கவர் லிமிட் என்பார்கள். குழுவில் எத்தனை பேர், அவர்களின் சராசரிக் காப்பீட்டுத் தொகை எவ்வளவு என்பதைப் பார்த்து இந்த வரம்பு நிர்ணயிக்கப்படுகிறது. இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் தனியாக டேர்ம் பாலிசி கேட்டால் மறுக்கப்படலாம். அவரே குழுவில் உறுப்பினராக இருந்தால் அந்த வரம்பு வரை கேள்வியில்லாமல் காப்பீடு பெறுவார். திட்டம் கட்டாயமாக இருப்பதால் மிக அதிகமாகப் பயன்பெறுபவர்கள் இவர்கள்தான்.

எவ்வளவு கிடைக்கும்

தொகையை நிர்ணயிக்க மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. எல்லோருக்கும் ஒரே தொகை என்பது ஒன்று. பதவிக்கு ஏற்ற தொகை என்பது இன்னொன்று. ஆண்டுச் சம்பளத்தின் இரண்டு அல்லது மூன்று மடங்கு என்பது மூன்றாவது. மடங்குக் கணக்கில் ‘சம்பளம்’ என்பது எது என்ற கேள்வி முக்கியமானது. நிறுவனம் ஓர் ஊழியருக்காகச் செலவிடும் மொத்தத் தொகையா, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் மட்டுமா என்பதைப் பொறுத்துத் தொகை ஏறக்குறைய பாதியாகக்கூட மாறும். சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப் செட் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அங்கே 180 பேர் வேலை செய்கிறார்கள். மொத்த ஆண்டுச் சம்பளத்தின் மூன்று மடங்கு காப்பீடு; மருத்துவக் கேள்வி இல்லாத வரம்பு 40 லட்சம் ரூபாய். மாதம் 30,000 ரூபாய் வாங்கும் லேத் ஆபரேட்டரின் ஆண்டுச் சம்பளம் 3,60,000 ரூபாய். அவருக்கான காப்பீடு 10,80,000 ரூபாய். அவர் எந்த மருத்துவப் படிவமும் தர வேண்டியதில்லை.

அதே தொழிற்சாலையின் உற்பத்தி மேலாளருக்கு ஆண்டுச் சம்பளம் 18 லட்சம். மூன்று மடங்கு என்றால் 54 லட்சம் ரூபாய். இதில் 40 லட்சம் முதல் நாளிலிருந்தே அமலில் இருக்கும். மிச்சமுள்ள 14 லட்சத்துக்கு அவர் உடல்நலம் பற்றிய படிவத்தை நிரப்ப வேண்டும். தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி. போன்றவற்றுக்கும் போக வேண்டும். காப்பீட்டு நிறுவனம் ஒப்புதல் கொடுக்கும் வரை அவருக்கு உள்ள காப்பீடு 40 லட்சம் மட்டுமே. மேல்நிலை ஊழியர்கள் பலர் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுவிட்டு, சுற்றறிக்கையில் பார்த்த முழுத் தொகையும் தங்களுக்கு இருப்பதாக நினைத்திருப்பார்கள். சான்றிதழில் அச்சாகியிருக்கும் தொகைதான் உண்மையான தொகை.

அடிப்படைப் பாலிசி எந்தக் காரணத்தால் இறப்பு நேர்ந்தாலும் பணம் தரும். நோய், விபத்து, பணியிடம், வீடு, வெளியூர் என்ற பேதம் இல்லை. சாலை விபத்தில் இறந்தால் கூடுதல் தொகை கிடைக்குமா என்பது, விபத்து மரணத்துக்கான துணைக் காப்பீட்டை நிறுவனம் சேர்த்து வாங்கியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. தற்கொலையைப் பொறுத்தவரை பாலிசிக்குப் பாலிசி விதி மாறும் என்பதால், அதற்கான ஒரு வரியும் சுற்றறிக்கையில் இருக்க வேண்டும். ஊனம், மருத்துவமனைச் செலவு, வேலையிழப்பு ஆகியவற்றுக்கு இந்தப் பாலிசி தானாகப் பணம் தராது. மருத்துவக் காப்பீடு வேறு, இது வேறு.

பி.எஃப். காப்பீட்டுக்கு மேலா, அதற்குப் பதிலா

பி.எஃப். பிடித்தம் உள்ள ஊழியர்களுக்கு ஏற்கெனவே ஒரு காப்பீடு இருக்கிறது. 1976ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அத்திட்டத்தை இ.டி.எல்.ஐ. என்று சுருக்கமாக அழைப்பார்கள். இதற்கு ஊழியர் எதுவும் கட்டுவதில்லை. நிறுவனம் சம்பளத்தில் அரை சதவீதம் கட்டுகிறது. கணக்குக்கு எடுத்துக்கொள்ளப்படும் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய் என்பதால், ஒருவருக்கு மாதம் அதிகபட்சம் 75 ரூபாய்தான்.

ஊழியர் இறந்தால், கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தின் 35 மடங்கும், அதே காலத்தில் பி.எஃப். கணக்கில் இருந்த சராசரி இருப்பில் பாதியும் சேர்த்துத் தரப்படும். பாதி இருப்பு என்ற அந்தப் பகுதி 1,75,000 ரூபாயைத் தாண்டாது. மேலே சொன்ன லேத் ஆபரேட்டருக்கு 15,000 என்ற வரம்பே கணக்கு. அதன் 35 மடங்கு 5,25,000 ரூபாய். பி.எஃப். இருப்பு சராசரியாக 2 லட்சம் இருந்தால் அதில் பாதி 1 லட்சம். மொத்தம் 6,25,000 ரூபாய். இருப்பு மூன்றரை லட்சம் அல்லது அதற்கு மேல் இருந்தால் உச்சத் தொகையான 7 லட்சத்தைத் தொடும்.

இங்கேதான் சுற்றறிக்கையைப் படிப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி வருகிறது. இ.டி.எல்.ஐ.யைவிடக் குறையாத பலன் தரும் குழுக் காப்பீட்டை எடுக்கும் நிறுவனம், அனுமதி பெற்று இ.டி.எல்.ஐ.யிலிருந்து விலக்குப் பெற 1952ஆம் ஆண்டின் பி.எஃப். சட்டத்திலேயே வழி வைக்கப்பட்டது. எல்.ஐ.சி.யும் மற்ற நிறுவனங்களும் இதற்கென்றே பாலிசி விற்கின்றன. அப்படி எடுக்கப்பட்ட திட்டமாக இருந்தால் குடும்பத்துக்கு இரண்டு தொகையும் சேர்ந்து கிடைக்காது. ஒன்றின் இடத்தில்தான் மற்றொன்று வந்திருக்கிறது. இ.டி.எல்.ஐ.க்கு மேல் கூடுதலாக எடுத்த திட்டம் என்றால், உதாரணத்து ஆபரேட்டரின் குடும்பத்துக்கு 10,80,000 ரூபாயோடு 6,25,000 ரூபாயும் சேர்த்து 17,05,000 ரூபாய் கிடைக்கும். ஒரே ஒரு சொல்லால் ஆறேகால் லட்சம் ரூபாய் வித்தியாசப்படுவதால், ‘மேலாக’ என்றோ ‘பதிலாக’ என்றோ சுற்றறிக்கை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

சுற்றறிக்கையின் வடிவம்

நல்ல சுற்றறிக்கை ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். யாருக்கு, எப்போதிலிருந்து, எவ்வளவு, யார் பணம் கட்டுகிறார்கள், ஊழியர் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்ற ஆறு விவரங்கள் இருந்தால் போதும். பாலிசி விதிகளின் முழு நகலை இணைப்பாக வைக்கலாம். உதாரணத் தொழிற்சாலையின் சுற்றறிக்கை இப்படி அமையலாம்:

> அனைத்து ஊழியர்களின் கவனத்துக்கு. வரும் ஏப்ரல் 1 முதல் நம் நிறுவனத்தின் நிரந்தர ஊழியர்கள், பயிற்சிக் காலத்தில் உள்ளவர்கள் அனைவரும் குழு ஆயுள் காப்பீட்டில் சேர்க்கப்படுகிறார்கள். இது அனைவருக்கும் கட்டாயம், விலகிக்கொள்ள இயலாது. பிரீமியம் முழுவதையும் நிறுவனம் கட்டும். சம்பளத்தில் எந்தப் பிடித்தமும் இல்லை.
>
> காப்பீட்டுத் தொகை மொத்த ஆண்டுச் சம்பளத்தின் மூன்று மடங்கு. இது பி.எஃப். வழியாக உள்ள இ.டி.எல்.ஐ. காப்பீட்டுக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கும். 40 லட்சம் ரூபாய்க்கு மேல் காப்பீடு உள்ளவர்களுக்கு உடல்நலப் படிவம் தனியாக அனுப்பப்படும்.
>
> இணைப்பில் உள்ள பட்டியலில் உங்கள் பெயர், பிறந்த தேதி, பணியில் சேர்ந்த தேதி ஆகியவை ஆதாரில் உள்ளபடி சரியாக இருக்கின்றனவா என்று மார்ச் 14க்குள் பார்த்துச் சொல்லவும். நாமினி படிவத்தை மார்ச் 20க்குள் மனிதவளப் பிரிவில் கொடுத்துக் கையொப்பமிட்ட நகலைப் பெற்றுக்கொள்ளவும். உடல்நலப் படிவம் வந்தவர்கள் மார்ச் 31க்குள் கொடுக்கவும்.
>
> நாமினி படிவம் தராவிட்டாலும் ஏப்ரல் 1 முதல் காப்பீடு உண்டு. ஆனால் பணம் குடும்பத்துக்குச் சேர்வதில் காலதாமதமும் அலைச்சலும் ஏற்படும். காப்பீட்டுச் சான்றிதழ் ஏப்ரல் இறுதிக்குள் ஒவ்வொருவருக்கும் தரப்படும்.

இதில் கடைசிப் பத்தி முக்கியமானது. ‘படிவம் தராதவர்களுக்குக் காப்பீடு கிடையாது’ என்று எழுதி அவசரப்படுத்தும் பழக்கம் சில அலுவலகங்களில் உண்டு. கட்டாயத் திட்டத்தில் அது உண்மையில்லை. படிவம் வராத ஓர் ஊழியர் இறந்துபோனால், அந்த வரியை நம்பி, தங்களுக்கு உரிமையே இல்லை என்று குடும்பம் ஒதுங்கிவிடக்கூடும்.

சுற்றறிக்கை ஊழியர்கள் பேசும் மொழியில் இருக்க வேண்டும். தமிழ், இந்தி, ஒடியா பேசும் தொழிலாளர்கள் ஒன்றாக வேலை செய்யும் இடத்தில் ஆங்கிலத்தில் மட்டும் வந்த அறிவிப்பு பாதிப் பேருக்குப் போய்ச் சேராது. அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதோடு, ஷிப்ட் மாறும் நேரத்தில் படிவத்தை விளக்கி நிரப்பித் தரும் ஒருவரையும் உட்கார வைத்தால் கடைசித் தேதிக்குள் படிவங்கள் வந்துவிடும்.

நாமினி படிவம்

படிவத்தில் கேட்கப்படுவது கொஞ்சம்தான்: நாமினியின் பெயர், உறவு, பிறந்த தேதி, முகவரி, பங்கு சதவீதம். ஒருவருக்கு மேல் நாமினி இருந்தால் பங்குகளின் கூட்டுத்தொகை சரியாக 100 வர வேண்டும். மனைவிக்கு 60, தாய்க்கு 60 என்று எழுதப்பட்ட படிவமோ, பங்கே எழுதாமல் இரண்டு பெயர் மட்டும் உள்ள படிவமோ கிளெய்ம் நேரத்தில் சிக்கலைக் கொண்டுவரும். பெயர் ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் உள்ளபடி இருக்க வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரையும் முதலெழுத்தையும் எழுதிவிட்டால், இவரும் அவரும் ஒருவர்தான் என்று பின்னர் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

18 வயது நிரம்பாத குழந்தையை நாமினியாக எழுதலாம். ஆனால் குழந்தையின் சார்பில் பணத்தைப் பெற்றுக்கொள்ள ஒரு பெரியவர் பெயரையும் எழுத வேண்டும். படிவத்தில் அவரை அப்பாயிண்டி என்று குறிப்பிடுவார்கள். அவர் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும். அதிகம் காலியாக விடப்படும் கட்டம் இதுதான். மனைவியை இழந்த ஒருவர் மகனை நாமினியாக எழுதி, இந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டால், குழந்தைக்குச் சட்டப்படியான பாதுகாவலர் யார் என்பது முடிவாகும் வரை பணம் நிற்கும்.

நாமினிக்குப் பணத்தின் மீது என்ன உரிமை என்பதில் நீண்ட காலம் குழப்பம் இருந்தது. நாமினி பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்ப்பிக்க வேண்டியவர் மட்டுமே, உரிமையாளர் அல்ல என்று 1984இல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டபோது 39ஆம் பிரிவு மாறியது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, குழந்தைகள் ஆகியோர் நாமினியாக இருந்தால், பணத்தின் பலனுக்கே உரியவர்கள் என்ற நிலை அவர்களுக்குக் கிடைத்தது. அண்ணன், தங்கை, நண்பர் போன்றவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அவர்கள் பணத்தைப் பெற்றாலும் வாரிசுகள் உரிமை கோரலாம். குழுக் காப்பீட்டுச் சான்றிதழ்களிலும் இந்த 39ஆம் பிரிவைக் குறிப்பிடுவது வழக்கம். ஆகையால், பணம் சேர வேண்டியவரையே நாமினியாக எழுதுவது நல்லது. மனைவிக்கு விவரம் தெரியாது என்று தம்பி பெயரை எழுதும் வழக்கம் பின்னர் குடும்பத் தகராறாக முடியக்கூடும்.

பி.எஃப்., பணிக்கொடை, குழு ஆயுள் காப்பீடு ஆகிய மூன்றுக்கும் தனித்தனி நாமினி படிவங்கள் உள்ளன. பி.எஃப். இணையதளத்தில் நாமினியைப் பதிவு செய்தால் அது பி.எஃப். பணத்துக்கும் இ.டி.எல்.ஐ.க்கும் செல்லும், நிறுவனம் எடுத்த குழுப் பாலிசிக்குச் செல்லாது. திருமணத்துக்கு முன் தாயை நாமினியாக எழுதியவர், திருமணமான பின் பி.எஃப்.பில் மட்டும் மனைவியைச் சேர்த்துவிட்டு இங்கே மாற்ற மறந்தால், குழுக் காப்பீட்டுப் பணம் தாயின் பெயருக்கே போகும். திருமணம், குழந்தை பிறப்பு, மணமுறிவு, நாமினியின் மறைவு ஆகிய நான்கில் எது நேர்ந்தாலும் புதிய படிவம் கொடுக்க வேண்டும். இதற்கு ஆண்டுப் புதுப்பிப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை. எந்த நாளிலும் மாற்றலாம். கடைசியாகப் பதிவான படிவமே செல்லும்.

கடைசித் தேதி தவறினால்

நாமினி படிவத்துக்குக் கடைசித் தேதி வைப்பது நிர்வாக வசதிக்காக. உறுப்பினர் பட்டியலையும் நாமினி விவரங்களையும் ஒரே கோப்பாகக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினால், சான்றிதழ்கள் நாமினி பெயரோடு அச்சாகி வரும். தேதிக்குப் பிறகு தரும் படிவத்தையும் ஏற்றுக்கொள்வார்கள். அதைத் தனியாக அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும். உடல்நலப் படிவத்தின் தேதி அப்படிப்பட்டதல்ல. அது தாமதமானால் வரம்புக்கு மேற்பட்ட தொகை அமலுக்கே வராது.

நாமினி இல்லாமல் இறப்பு நேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை அதே லேத் ஆபரேட்டரை வைத்தே பார்க்கலாம். வயது 34. வீட்டில் மனைவி, ஏழு வயது மகள், தாய். தந்தை முன்பே காலமாகிவிட்டார். மனைவிக்கு 70 சதவீதம், தாய்க்கு 30 சதவீதம் என்று எழுதி அவர் படிவம் கொடுத்திருந்தால், மனைவியின் கணக்குக்கு 7,56,000 ரூபாயும் தாயின் கணக்குக்கு 3,24,000 ரூபாயும் நேராகப் போயிருக்கும்.

படிவம் இல்லையென்றால் பணம் சட்டப்படியான வாரிசுகளுக்குப் போகும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, மகள், தாய் மூவரும் சமமானவர்கள். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்காக 3,60,000 ரூபாய். அதைப் பெறத் தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும். எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் ஒப்புதல் கடிதமும் வேண்டும். தொகை பெரிதாக இருந்தாலோ வாரிசுகளுக்குள் கருத்து வேறுபாடு இருந்தாலோ, நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்றிதழ் பெற்று வருமாறு காப்பீட்டு நிறுவனம் கேட்கலாம். அதற்கு மாதக் கணக்கில் ஆகும். வக்கீல் செலவும் நீதிமன்றக் கட்டணமும் உண்டு. தந்தை உயிரோடு இருந்திருந்தால் அவருக்குப் பங்கு கிடைத்திருக்காது. ஏனெனில் தந்தை இரண்டாம் வகுப்பு வாரிசு. மகனின் சம்பளத்தை நம்பி வாழும் தந்தைக்கு ஏதாவது சேர வேண்டும் என்றால் நாமினி படிவத்தில் எழுதினால்தான் சேரும்.

காப்பீடு அமலுக்கு வராமல் போகும் இடங்கள்

கட்டாயத் திட்டத்திலும் சிலர் விடுபட்டுப் போவதுண்டு. ஆண்டின் நடுவில் வேலைக்குச் சேர்பவர்களின் பெயர்களை நிறுவனம் மாதம்தோறும் சேர்ப்புப் பட்டியலாக அனுப்ப வேண்டும். அவர்களுக்கான பிரீமியம், நிறுவனம் முன்பணமாகப் போட்டு வைத்திருக்கும் கணக்கிலிருந்து கழிக்கப்படும். பட்டியல் போகாமல் இருந்தாலோ அந்தக் கணக்கில் பணம் தீர்ந்திருந்தாலோ புதியவரின் காப்பீடு தொடங்கியதா என்பதே கேள்விக்குள்ளாகும். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியும் சான்றிதழ் வரவில்லை என்றால், ஊழியர் மனிதவளப் பிரிவில் எழுதிக் கேட்பதுதான் சரி.

இன்னொரு நிபந்தனை, பாலிசி தொடங்கும் நாளில் ஊழியர் பணியில் இருக்க வேண்டும் என்பது. வார விடுமுறையோ சாதாரண விடுப்போ இதைப் பாதிக்காது. நோய் காரணமாக நீண்ட விடுப்பில் இருப்பவருக்கு, அவர் வேலைக்குத் திரும்பும் நாளிலிருந்துதான் காப்பீடு தொடங்கும் என்பது வழக்கமான விதி. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் ஊழியர் ஒருவர் இருந்தால், அவரது நிலைமையை நிர்வாகம் முன்கூட்டியே காப்பீட்டு நிறுவனத்திடம் பேசி, பதிலை எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும். பேறுகால விடுப்பில் இருப்பவர்களைப் பற்றியும் அப்படியே.

பணம் கேட்கும் முறை

ஊழியர் இறந்தால் குடும்பம் முதலில் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கிளெய்ம் படிவத்தை நிறுவனம் வழியாகவே அனுப்புவார்கள். அதோடு இறப்புச் சான்றிதழ், நாமினியின் ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம், நிறுவனம் தரும் பணிச் சான்று ஆகியவை தேவை. விபத்தாக இருந்தால் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கேட்கப்படும். மருத்துவமனையில் இறந்திருந்தால் சிகிச்சை ஆவணங்களையும் கேட்கலாம்.

எல்லா ஆவணங்களும் வந்த பிறகு, விசாரணை தேவைப்படாத இறப்புக் கோரிக்கையை 15 நாட்களுக்குள்ளும், விசாரணை தேவைப்படுவதை 45 நாட்களுக்குள்ளும் முடிக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024இல் வெளியிட்ட விதிகள் சொல்கின்றன. இறப்பால் கிடைக்கும் இந்தத் தொகைக்கு நாமினி வருமான வரி கட்ட வேண்டியதில்லை. பணம் தாமதமானாலோ மறுக்கப்பட்டாலோ, முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ, காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

இந்தக் குடும்பங்களில் பலருக்கு இப்படி ஒரு பாலிசி இருப்பதே தெரியாது. ஊழியர் வீட்டில் சொல்லியிருக்க மாட்டார். சான்றிதழ் அலுவலக மின்னஞ்சலில் கிடக்கும். இறப்புக்குப் பிறகு அந்த மின்னஞ்சல் முடக்கப்பட்டிருக்கும். அதனால் சான்றிதழை அச்சிட்டு, ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் இருக்கும் இடத்திலேயே வைத்து, மனிதவளப் பிரிவின் தொலைபேசி எண்ணையும் அதன் மேல் எழுதி வைப்பது உதவும்.

வேலையை விட்டால்

குழுக் காப்பீடு வேலையோடு ஒட்டியது. ராஜினாமா செய்தாலும் ஓய்வு பெற்றாலும் கடைசிப் பணிநாளோடு அது முடிந்துவிடும். சில பாலிசிகளில், வேலையை விட்ட சில நாட்களுக்குள் கேட்டால் தனிப் பாலிசியாக மாற்றிக்கொள்ள வசதி உண்டு. அதற்கான பிரீமியத்தை ஊழியரே கட்ட வேண்டும். அந்த வசதி இருக்கிறதா என்பதைச் சுற்றறிக்கையிலோ பணிவிடுப்புக் கடிதத்திலோ நிறுவனம் குறிப்பிட வேண்டும். ஒரு வேலையை விட்டு அடுத்த வேலையில் சேரும் இடைவெளியில் எந்தக் காப்பீடும் இருக்காது. புதிய நிறுவனத்தின் தொகை குறைவாகவும் இருக்கலாம். வீட்டுக் கடனும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் உள்ளவர்களுக்குச் சம்பளத்தின் மூன்று மடங்கு மூன்று ஆண்டுச் செலவுக்குத்தான் வரும். அவர்கள் உடல்நலம் நன்றாக இருக்கும்போதே சொந்தமாக ஒரு டேர்ம் பாலிசியும் எடுத்து வைத்தால், வேலை மாறினாலும் குடும்பத்துக்கான காப்பு தொடரும்.